அவன் காட்டும் சூடு உண்மையா?

என் வீட்டு ஓடிஜி அவனில் 180 டிகிரி வைத்துச் சுட்ட கேக், ஓரம் கருகியும் நடு வேகாமலும் வந்துகொண்டே இருந்தது. மாவைக் குறை சொல்வதை நிறுத்திவிட்டு, அவனுக்குள் வைக்கும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கினேன்.

அதை நடுத்தட்டின் மையத்தில், சுவரையோ கம்பியையோ தொடாமல் வைத்தேன். விளக்கு அணைந்ததும் சூடாகிவிட்டது என்று நம்புகிறோம். சுவர்களும் தட்டும் அப்போது முழுதாகச் சூடேறியிருப்பதில்லை. அதனால் அரைமணி நேரம் விட்டு, கதவைத் திறக்காமல் கண்ணாடி வழியே பார்த்தேன். திறந்தால் சூடு சட்டென்று இறங்கிவிடும்.

கம்பி அணைந்து அணைந்து எரிவதால் முள் ஓரிடத்தில் நிற்காது. 150, 172, 152, 170 என்று ஏறி இறங்கியது. ஒரே ஒரு முறை பார்த்திருந்தால் ஏமாந்திருப்பேன். சராசரி 161. ஆக, கிட்டத்தட்ட 20 டிகிரி குறைவு. திருகை 200-க்கு நகர்த்தி மறுபடி அளந்தேன், 180-ஐ ஒட்டி வந்தது.

நடு வேகாததற்குக் காரணம் கிடைத்தது, ஓரம் ஏன் கருகுகிறது? தட்டு முழுக்க ரொட்டித் துண்டுகளை அடுக்கிச் சில நிமிடம் சுட்டேன். பின்பக்க இடது மூலைத் துண்டுகள் மட்டும் கரும்பழுப்பாயின. அங்கேதான் சூடு கூடுதல்.

இந்தக் கோளாறைத் திருகால் சரிசெய்ய முடியாது. கேக் முக்கால்வாசி வெந்து, நடு ஓரளவு இறுகியதும் பாத்திரத்தை அரைவட்டம் திருப்பிவையுங்கள். அதற்கு முன் திருப்பினால் கேக் அமுங்கிவிடும்.