29 மீட்டர் அலை சாதாரணம், 17 மீட்டர் அலை போக்கிரி!

2000 பிப்ரவரி 8. ஸ்காட்லாந்துக்கு மேற்கே, ராக்கால் என்ற பாறைத்தீவு அருகே புயலில் மாட்டிக்கொண்டது 'டிஸ்கவரி' என்ற பிரிட்டிஷ் ஆய்வுக் கப்பல். கப்பலில் பொருத்தியிருந்த அலைமானி அன்று பதிவு செய்த மிகப் பெரிய அலையின் உயரம் 29.1 மீட்டர். பத்து மாடிக் கட்டடத்தின் உயரம் அது.

இருபது ஆண்டு கழித்து, 2020 நவம்பரில், கனடாவின் வான்கூவர் தீவுக்கு அப்பால் யூக்ளூலெட் அருகே மிதந்துகொண்டிருந்த ஒரு மிதவைக் கருவி 17.6 மீட்டர் அலையைப் பதிவு செய்தது. இந்த இரண்டில் ஆய்வாளர்கள் 'போக்கிரி அலை' என்று பெயர் சூட்டியது சின்னதற்குத்தான். 29 மீட்டர் அலைக்கு அந்தப் பட்டம் கிடைக்கவில்லை. காரணம், ஓர் அலை போக்கிரியா இல்லையா என்பதை அதன் உயரம் மட்டும் முடிவு செய்வதில்லை. அதே நேரத்தில் அதைச் சுற்றியிருந்த மற்ற அலைகள் எவ்வளவு உயரம் என்பதுதான் முடிவு செய்கிறது.

அந்த ஒப்பீட்டுக்கு ஓர் அளவுகோல் வேண்டும். கடலில் எந்த இரண்டு அலையும் ஒரே உயரத்தில் இருப்பதில்லை. அதனால் ஓரிடத்தில் இருபது நிமிடமோ அரை மணி நேரமோ வந்த எல்லா அலைகளையும் அளந்து, உயரப்படி வரிசைப்படுத்தி, மேலே உள்ள மூன்றில் ஒரு பங்கை மட்டும் எடுத்துச் சராசரி காண்கிறார்கள். இதுதான் 'குறிப்பிடத்தக்க அலை உயரம்'. இரண்டாம் உலகப் போரில் படைகளைக் கரையிறக்குவதற்காக அலைகளை முன்கூட்டிக் கணித்த ஸ்வெர்ட்ரப், மங்க் என்ற இருவர் கொடுத்த அளவு இது. சிற்றலைகளை ஒதுக்கிவிட்டு, கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும் அலைகளையே எடுத்துக்கொள்வதால், பழகிய மாலுமி ஒருவர் பார்த்துச் சொல்லும் உயரத்துக்கு இது நெருங்கி வரும்.

வானிலை அறிக்கையில் "அலை 3 மீட்டர் உயரம் எழும்பும்" என்று வருவதும் இந்தச் சராசரிதான், உச்சவரம்பு அல்ல. 3 மீட்டர் என்று அறிவித்த கடலில் எல்லா அலைகளையும் சேர்த்துச் சராசரி பார்த்தால் 2 மீட்டருக்கும் சற்றுக் குறைவாகவே வரும். ஆனால் அங்கேயே, ஏறத்தாழ மூவாயிரம் அலைக்கு ஒன்று 6 மீட்டரைத் தாண்டும். பத்து நொடிக்கு ஓர் அலை என்று வைத்துக்கொண்டால், மூவாயிரம் அலை கடக்க எட்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகம் ஆகும். ஒரே இடத்தில் ஓர் இரவு முழுக்க நிற்கும் படகுக்கு இது எட்டாத கணக்கு அல்ல.

கப்பல்காரர்கள் பயன்படுத்தும் 'கடல் நிலை' எண்ணும் இதே அளவிலிருந்துதான் பிறக்கிறது. உலக வானிலை அமைப்பின் பட்டியல் 0 முதல் 9 வரை போகிறது. குறிப்பிடத்தக்க உயரம் 4 முதல் 6 மீட்டர் என்றால் கடல் நிலை 6; 9 முதல் 14 மீட்டர் என்றால் 8; அதற்கு மேல் எல்லாமே 9.

இனி அந்த இரண்டு அலைகளையும் பார்த்தால் விஷயம் தெளிவாகும். 'டிஸ்கவரி' இருந்த இடத்தில் குறிப்பிடத்தக்க உயரமே 18.5 மீட்டர், கடல் நிலை 9. அதன் 29 மீட்டர் அலை, சுற்றியிருந்தவற்றைப் போல ஒன்றரை மடங்குதான். அவ்வளவு கொந்தளித்த கடலில் அப்படியொன்று வரவே செய்யும். யூக்ளூலெட்டில் குறிப்பிடத்தக்க உயரம் சுமார் 6 மீட்டர். அங்கே வந்தது கிட்டத்தட்ட மூன்று மடங்கு. இரண்டு மடங்கைத் தாண்டினாலே போக்கிரி என்பது பொதுவாக ஏற்கப்பட்ட வரையறை.

இப்படியொரு அலை மாலுமிகளின் கதையாகவே நெடுங்காலம் இருந்தது. அதை மாற்றிய நாள் 1995 ஜனவரி 1. வட கடலில் நார்வே கரையிலிருந்து சுமார் 160 கிலோமீட்டர் தள்ளி, 70 மீட்டர் ஆழத்தில் நிற்கிறது டிராப்னர் எரிவாயு மேடை. அதிலிருந்து நேர் கீழே கடலைப் பார்த்தபடி ஒரு லேசர் கருவி நீர்மட்டத்தை அளந்துகொண்டிருந்தது. அன்று பிற்பகல் அங்கே குறிப்பிடத்தக்க உயரம் சுமார் 11.9 மீட்டர். திடீரென ஓர் அலை: பள்ளத்திலிருந்து உச்சி வரை 25.6 மீட்டர். மேடையின் கீழ்ப்பகுதியில் வைத்திருந்த சில சாமான்கள் சேதமாயின. கருவி காட்டியது பிழையல்ல என்பதற்கு அந்தச் சேதமே சாட்சி.

அந்தப் பதிவில் ஆய்வாளர்களை அதிகம் உறுத்தியது மொத்த உயரம் அல்ல, உச்சி. வழக்கமான நீர்மட்டத்துக்கு மேல் அது 18.5 மீட்டர் எழுந்திருந்தது. பள்ளமோ 7 மீட்டர்தான். அலைகள் தற்செயலாக ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றன என்று மட்டும் கொள்ளும் எளிய கணக்கின்படி, இப்படியொரு உச்சி சுமார் 25 கோடி அலைக்கு ஒன்றுதான் வர வேண்டும். அதே புயல் ஓயாமல் தொண்ணூறு ஆண்டுக்கு மேல் அடித்தால்தான் அத்தனை அலை வரும். அப்படியென்றால் அந்த எளிய கணக்கில் ஏதோ விடுபட்டிருக்கிறது.

விடுபட்டதில் முதலாவது, அலையின் வடிவம். நிஜ அலை ஒழுங்கான வளைவு அல்ல. பெரிதாகப் பெரிதாக உச்சி கூர்மையாகும், பள்ளம் தட்டையாகும். இரண்டாவது, திசை. ஒரே திசையில் வரும் அலைகள் ஒன்றுசேர்ந்து உயர்ந்தால், ஓர் எல்லையில் உடைந்து நுரையாகிச் சரிந்துவிடும். ஆக்ஸ்ஃபோர்டு, எடின்பரோ ஆய்வாளர்கள் எடின்பரோவிலுள்ள வட்டமான சோதனைத் தொட்டியில் டிராப்னர் அலையைச் சிறிய அளவில் மறுபடி உருவாக்கி, 2019இல் முடிவை வெளியிட்டார்கள். இரண்டு அலைக் கூட்டங்களை ஏறத்தாழ 120 பாகைக் கோணத்தில் மோத விட்டபோதுதான் அந்த உயரம் கிடைத்தது. அப்படிக் குறுக்காக மோதும்போது நீர் முன்னால் சரியாமல் மேல்நோக்கிப் பீறிட்டது. இரு திசை அலைகள் சந்திக்கும் கடலில் மாலுமிகள் கூடுதல் கவனமாக இருப்பதற்கு இது நல்ல காரணம்.

ஸ்வெல் எனப்படும் நெடுந்தூர அலையின் குணம் முற்றிலும் வேறு. எங்கோ அடித்த புயலில் பிறந்து, காற்றை விட்டு விலகி, சீராக வரிசைகட்டி வருவது அது. பதினாறு நொடிக்கு ஒருமுறை வரும் ஸ்வெல்லில் ஓர் உச்சிக்கும் அடுத்த உச்சிக்கும் இடையே ஆழ்கடலில் சுமார் 400 மீட்டர் இருக்கும். சரிவு மிகவும் மெதுவானது என்பதால் கப்பல் ஏறி இறங்கிவிடும். அதன் கூட்டம் ஒரு நாளில் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நகரும். எப்போது வந்து சேரும் என்று நாள் கணக்கில் முன்கூட்டிச் சொல்லலாம். போக்கிரி அலையோ ஒரு சில நொடி எழுந்து கலைந்துவிடும். இந்த இடத்தில் இந்த நேரத்தில் என்று இன்றுவரை யாராலும் அறிவிக்க முடியாது.

ஆனால் கரையில் ஆபத்து தலைகீழாகிறது. நீளமான அலை ஆழம் குறையும்போது வேகமிழந்து, உயர்ந்து, மணலில் வெகுதூரம் ஏறும். தென் கடலில் பிறந்த ஸ்வெல் கேரளக் கரையிலும் கன்னியாகுமரிக் கரையிலும் காற்றே இல்லாத வெயில் நாளில் இப்படி ஏறுவதைத்தான் கள்ளக்கடல் என்கிறார்கள். 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களின் உயிரைப் பறித்த நாளில், ஐதராபாத்திலுள்ள தேசியக் கடல் தகவல் மையமான இன்காய்ஸின் கள்ளக்கடல் எச்சரிக்கை நடப்பில்தான் இருந்தது.

ஆகவே கடலுக்குள் போகிறவர் அறிக்கையில் சொல்லும் அலை உயரத்தை இரண்டால் பெருக்கிக்கொள்ளட்டும்; படகு அதற்குத் தாங்குமா என்பதே கேள்வி. கரையில் நிற்கிறவர் உயரத்தை மட்டும் பார்க்க வேண்டாம். இரண்டு அலைகளுக்கு இடையே எத்தனை நொடி என்பதையும் பாருங்கள். ஒரு மீட்டர் அலையானாலும் கள்ளக்கடல் எச்சரிக்கை இருக்கும் நாளில் தண்ணீரில் கால் வைக்காதீர்கள்.