இரண்டு டேட் ஷீட், ஒரே மாணவர்

பல்கலைக்கழக மானியக் குழு 2022 ஏப்ரலில் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, கல்லூரியில் நேரில் ஒரு பட்டப்படிப்பைப் படித்துக்கொண்டே தொலைநிலைக் கல்வியில் இன்னொன்றிலும் சேரலாம். பி.காம். படிக்கும் மாணவர் இக்னோவில் பி.ஏ. சேர்வது அப்படித்தான். ஆனால் இரண்டு படிப்பின் தேர்வு அட்டவணைகளையும் வெவ்வேறு அலுவலகங்கள் தனித்தனியே தயாரிக்கின்றன. இக்னோவின் பருவத் தேர்வுகள் ஜூனிலும் டிசம்பரிலும் நடப்பவை. கல்லூரிகளின் செமஸ்டர் தேர்வுகளும் பெரும்பாலும் அதே மாதங்களை ஒட்டி வருகின்றன. தேதிகள் மோதுகின்றனவா என்று பார்க்கும் பொறுப்பு மாணவர் மேல் விழுகிறது. அவர் கையில் இருப்பதோ, வாட்ஸ்அப்பில் வந்த இரண்டு ஸ்கிரீன்ஷாட்கள்.

அவற்றை அருகருகே வைத்துப் பார்த்தால் கண் ஏமாறிவிடும். கல்லூரி அட்டவணையில் ஒரு படிப்பின் தாள்கள் மட்டும் வரிசையாக இருக்கும். இக்னோ அட்டவணையோ தேதிவாரியானது; ஒரே நாளின் ஒரு கட்டத்துக்குள் பல படிப்புகளின் குறியீடுகள் நெருக்கி அடித்திருக்கும். ஆகவே முதல் வேலை ஒப்பிடுவதல்ல. தனக்குரிய தாள்களை மட்டும் எடுத்து, இரண்டு படங்களிலிருந்தும் ஒரே வடிவில் ஒரு பட்டியல் எழுதிக்கொள்வதுதான். தேதி, கிழமை, தொடங்கும் நேரம், முடியும் நேரம், தாளின் குறியீடு, எந்தப் படிப்பு என்ற ஆறும் ஒவ்வொரு வரியிலும் இருந்தால் போதும். பிறகு அதைத் தேதி வரிசையில் அடுக்கினால் மோதக்கூடியவை தாமாகவே பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும்.

இதில் கிழமையை விட்டுவிடக் கூடாது. மங்கலான படத்தில் 3-ம் 8-ம், 5-ம் 6-ம் ஒன்றுபோலத் தெரியும். 2025 ஜனவரி 3 வெள்ளிக்கிழமை, 8 புதன்கிழமை. பட்டியலில் ‘8, வெள்ளி’ என்று விழுந்தால் தவறாகப் படித்திருப்பது உடனே தெரிந்துவிடும். ஆனால் 11-ஐ 18 என்று படித்துவிட்டால் கிழமை கைகொடுக்காது. இடையில் சரியாக ஏழு நாள், இரண்டும் ஒரே கிழமை. அதுபோன்ற எண்களை மூல பிடிஎஃப் கோப்பில்தான் சரிபார்க்க வேண்டும். அந்தக் கோப்பில் Ctrl+F அழுத்தி BHIC-131 என்று தேடலாம். கிடைக்காவிட்டால் இணைப்புக்கோடு இல்லாமலும் ஒருமுறை தேடுவது நல்லது.

படத்தை வெட்டும்போது தலைப்பும் நேரமும் போய்விடுவது இன்னொரு தொல்லை. தேதிக் கட்டம் பல வரிகளுக்குப் பொதுவாக இருந்தால், கீழ்வரி மேலே உள்ள தேதிக்கு உரியதா அடுத்த தேதிக்கு உரியதா என்பது படத்தில் தெரியாது. இதைவிடப் பெரிய ஆபத்து, படம் பழையதாக இருப்பது. இக்னோ முதலில் தற்காலிக அட்டவணையை வெளியிட்டுப் பிறகு இறுதி அட்டவணையைத் தருகிறது. கல்லூரிகளும் திருத்தம் வெளியிடுவது உண்டு. வெளியான தேதி தெரியாத ஸ்கிரீன்ஷாட்டை நம்பி முடிவெடுக்கக் கூடாது.

பட்டியல் தயாரானதும் சோதனை எளிது. ஒரே தேதியில் இரண்டு தாள் இருந்து, முதல் தாள் முடிவதற்குள் இரண்டாவது தொடங்கினால் அது மோதல். இதை விளக்க, கற்பனையாக ஓர் அட்டவணையை எடுத்துக்கொள்ளலாம். 2024 டிசம்பர் 16, திங்கள். கல்லூரியில் வணிகச் சட்டம் காலை 9.30 முதல் 12.30 வரை, இக்னோவில் BHIC-131 காலை 10 முதல் 1 வரை. தொடங்கும் நேரம் வேறு என்றாலும் இரண்டரை மணி நேரம் ஒன்றன்மேல் ஒன்று விழுகிறது. தொடங்கும் நேரத்தை மட்டும் ஒப்பிடுபவர்கள் தவறவிடுவது இந்த வகையைத்தான். டிசம்பர் 10, செவ்வாயன்று கல்லூரித் தாள் 12.30-க்கு முடிகிறது, BEVAE-181 பிற்பகல் 2 மணிக்கு. கணக்குப்படி மோதல் இல்லை. ஆனால் தேர்வு மையங்கள் வேறு வேறு. விடைத்தாளைக் கொடுத்துவிட்டு வெளியே வரும் நேரத்தையும், அடுத்த மையத்துக்குள் முன்கூட்டியே நுழைய வேண்டிய நேரத்தையும் கழித்தால் பயணத்துக்கு ஒரு மணி நேரம்கூட மிஞ்சாது. நகரின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போக வேண்டும் என்றால் இதையும் மோதலாகவே கொள்ள வேண்டும்.

உண்மையான மோதலில் எந்தத் தாளை விடுவது? பெரும்பாலும் இக்னோ தாளை விடுவதே நஷ்டம் குறைவு. அந்தத் தாளை ஆறு மாதம் கழித்து வரும் அடுத்த பருவத்திலேயே எழுதலாம், மூன்றாண்டு பி.ஏ.வை முடிக்க ஆறு ஆண்டு வரை அவகாசமும் உண்டு. கல்லூரித் தாளை விட்டால் அது அரியராகும். ஒற்றைப்படை செமஸ்டர் தாளை அடுத்த ஒற்றைப்படை செமஸ்டரில் மட்டுமே நடத்தும் பல்கலைக்கழகமானால் ஓராண்டு காத்திருக்க நேரும். இக்னோ தேர்வுப் படிவத்தில் தாள்வாரியாகக் கட்டணம் செலுத்த வேண்டியிருப்பதால், தற்காலிக அட்டவணை வந்தவுடனே பட்டியலைப் போட்டுப் பார்த்தால், மோதும் தாளைப் படிவத்தில் சேர்க்காமல் அதற்கான கட்டணத்தையும் மிச்சப்படுத்தலாம். இறுதி அட்டவணை வந்ததும் அதே பட்டியலை மறுபடி சரிபார்த்து, ஹால் டிக்கெட்டில் உள்ள தேதி, நேரம், மையம் மூன்றோடும் ஒத்துப்பார்க்க வேண்டும்.