நவக்கிரகச் சுற்றுலா: விளம்பரத்தில் பார்க்க வேண்டியவை

கும்பகோணத்திலிருந்து ஒரே நாளில் ஒன்பது கோயில்கள் என்பது நவக்கிரகச் சுற்றுலா விளம்பரங்களின் வழக்கமான வாசகம். அது நடக்குமா என்பதைத் தீர்மானிப்பது வேனின் வேகமல்ல, நடை சாத்தும் நேரம். பெரும்பாலான கோயில்கள் நண்பகலையொட்டி மூடி, மாலை 4 மணியளவில்தான் திறக்கும்.

அதனால் நல்ல பயணத்திட்டம் விடியற்காலையிலேயே திங்களூரில் தொடங்கும். ஆலங்குடி, திருநாகேஸ்வரம், சூரியனார்கோயில், கஞ்சனூர் முடித்து, நடை சாத்துவதற்குள் வைத்தீஸ்வரன்கோயிலை எட்டிவிடும். மதியச் சாப்பாடும் ஓய்வும் அங்கேயே. மாலையில் திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம், கடைசியாகத் திருநள்ளாறு. காலை 9 மணிக்குப் புறப்படும் வண்டி, நண்பகலுக்குள் இரண்டு மூன்று கோயில்களோடு நின்றுவிடும். மீதியில் சிலவற்றுக்குக் கோபுர தரிசனம்தான். திருநாகேஸ்வரத்தில் ராகு கால பாலாபிஷேகம் பார்க்க விரும்புகிறவர்களுக்கு இந்த ஒருநாள் ஓட்டம் பொருந்தாது. இரண்டு நாள் திட்டமே சரி. சனிக்கிழமைகளில் திருநள்ளாற்றில் வரிசை நீளும் என்பதால் முதியவர்களோடு வேறு நாளில் போவது நல்லது.

வசதிகளில் ஏசி, புஷ்பேக் இருக்கையைவிட மதிய ஓய்வுக்கு அறை உண்டா என்பதே முக்கியம். திருநள்ளாறு புதுச்சேரியின் காரைக்காலைச் சேர்ந்தது. வண்டிக்கான பெர்மிட் செலவு கட்டணத்தில் அடக்கமா என்றும் கேட்க வேண்டும்.

தேதி, ஏறுமிடம், முன்பணம், ரத்து செய்தால் திரும்பும் தொகை ஆகிய நான்கும் ரசீதில் எழுதப்பட்ட பிறகே பணம் கட்டுங்கள்.