ரிமைண்டர் வைத்தும் பிறந்தநாளை மறப்பது ஏன்?

மனைவியின் பிறந்தநாளுக்கு போனில் ரிமைண்டர் வைத்திருந்தும் திட்டு வாங்கும் கணவர்கள் உண்டு. அன்று காலை ஆபீஸ் பஸ்ஸில் நிற்கும்போது போன் சிணுங்கினால், வாழ்த்து மெசேஜ் ஒன்றுதான் அனுப்ப முடியும். புடவை எடுத்து, பிளவுஸ் தைத்து வாங்க ஒரு வாரமாவது வேண்டாமா?

அதனால் ஒரே தேதிக்கு இரண்டு ரிமைண்டர் வையுங்கள். கூகுள் காலண்டரில் பிறந்தநாளைப் பதிந்து, ‘Every year’ என்று கொடுத்து, ‘Add notification’ மூலம் பத்து நாள் முன்பு ஒன்று, முதல் நாள் ஒன்று. நேரம் இரவு 8 மணியாக இருக்கட்டும். வேலை நேரத்தில் வந்தால் விரலால் தள்ளிவிட்டு மறந்துவிடுவோம்.

இது ஆங்கிலத் தேதிக்குச் சரி. நட்சத்திரப் பிறந்தநாள் கொண்டாடும் வீடுகளில் இது கைகொடுக்காது. ஒரு நட்சத்திரம் சுமார் 27 நாளுக்கு ஒருமுறை வருவது. அதனால் தேதி ஆண்டுதோறும் நகரும்; சில ஆண்டுகளில் ஒரே தமிழ் மாதத்தில் இரண்டு முறையும் வரும். அப்போது இரண்டாவதை எடுப்பது பல வீடுகளில் வழக்கம். உங்கள் வீட்டு வழக்கத்தை மாமியாரிடம் கேட்டுவிடுவது நல்லது.

மனைவி பிறந்தது மார்கழி பூரம் என்று வைத்துக்கொள்வோம். மார்கழி டிசம்பர் நடுவில் தொடங்கி ஜனவரி நடுவில் முடியும். ஆகவே அவர் பிறந்தநாள் ஒரு ஆங்கில ஆண்டில் ஜனவரியிலும் டிசம்பரிலுமாக இருமுறை வரலாம். இன்னொரு ஆண்டில் வராமலே போகலாம். இதற்கு ‘Every year’ கொடுத்தால் தப்பான நாளில் பாயசம் வைக்க வேண்டியதுதான்! புது தினசரி காலண்டர் வந்ததும் மார்கழித் தாள்களைப் புரட்டி, பூரம் வரும் நாளைப் பார்த்து, ‘Does not repeat’ என்று பதியுங்கள். மாமனாரின் திதிக்கும் இதே முறைதான். அடுத்த காலண்டரைப் பார்க்க டிசம்பர் 1-க்கு ஒரு ரிமைண்டர். அதற்கு மட்டும் ‘Every year’ கொடுக்கலாம்.

விருப்பங்களுக்கு காலண்டர் வேண்டாம். நோட்ஸில் ஒரு பக்கம் போதும். ‘பச்சை பிடிக்கும்’ என்று எழுதினால் கடையில் பத்து பச்சை முன்னால் முழிக்க வேண்டும். ‘சித்தி பெண் கல்யாணத்தில் பார்த்த கிளிப்பச்சை, சின்ன பார்டர்’ என்று, சொன்ன அன்றே, சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். பிடிக்காததும் அதில் இருக்கட்டும்: ‘மல்லிகை வாசனை தலைவலி, முல்லை ஓகே.’ பக்கத்தில் தேதியும் போடுங்கள். வளையல் அளவும் காபிக்குச் சர்க்கரையும் மாறக்கூடியவை. இரண்டு வருடப் பழைய குறிப்பை நம்பி வளையல் வாங்கினால் கையில் ஏறாது.

ஒன்று கவனியுங்கள். வீட்டில் எல்லோரும் பார்க்கும் டேப்லெட்டில் உங்கள் அக்கவுன்ட் திறந்திருந்தால், ‘தோடு வாங்கணும்’ என்ற ரிமைண்டரை முதலில் படிப்பது அவராகத்தான் இருக்கும்.