கேக்குக்குச் சீனியை எந்தப் பதத்தில் அரைப்பது?



பசுமலைப் பக்கம் கிறிஸ்துமஸ் நெருங்கினால் கேக் ஆர்டர் வரும். கடைச் சீனியை அப்படியே வெண்ணெயோடு அடித்தால் பருமணி முழுசாகக் கரையாது. வெந்த கேக்கின் மேல் புள்ளி புள்ளியாகத் தெரியும். சரி, மாவாக அரைத்துப் போடலாமே என்றால், கேக் சரியாக உப்பாது. ஏன்னா, சீனி மணியின் கூரான முனைகள்தான் வெண்ணெய்க்குள் காற்றைப் புகுத்துகின்றன. நமக்கு வேண்டியது பொடி ரவைப் பதம்.

200 கிராம் வெண்ணெய் போடும் கேக்குக்கு, 200 கிராம் சீனியை முதலிலேயே எடை போட்டு எடுங்க. அரைத்த பிறகு கப்பால் அளந்தால் அளவு மாறிவிடும். ஈரமில்லாத மிக்ஸி ஜாரில் போட்டு, 2 விநாடி ஓட்டி நிறுத்துங்க. இப்படி 5, 6 தடவை. தூசி அடங்கினதும் மூடியைத் திறந்து, விரலால் தேய்த்துப் பாருங்க. லேசாக நறநறன்னு இருக்கணும். பவுடர் மாதிரி விரலில் ஒட்டினால் பதம் தாண்டிவிட்டது.

அதையும் வீணாக்க வேண்டாம். எலுமிச்சை ஜூஸில் போட்டால் உடனே கரையும். கேக்குக்கு வேறு சீனி அரைத்துக்கொள்ளுங்க.