கோட்டா கோ… மீதி எங்கே?

சென்ற வாரம் அச்சடித்த சுவரொட்டிகளைப் பார்த்தோம். இந்த வாரம் தூரிகையும் ஸ்ப்ரே பெயின்டும். கையில் இருப்பது ஒரு புகைப்படம் மட்டும். சுவர் கொழும்பில் இருக்கிறது, மொழிபெயர்ப்பவர் வேறெங்கோ இருக்கிறார். சுவரில் உள்ளதைத் தமிழில் எழுதித் தரவேண்டும். செய்தி அறைகளிலும் ஆய்வு மாணவர்களிடமும் இந்த வேலை அடிக்கடி வருகிறது, அடிக்கடி கெட்டும் போகிறது.

மருதானையில் நிற்கும் ஒரு மதிலை மனதில் வையுங்கள். புகையிரத நிலையத்திலிருந்து பஞ்சிகாவத்தைப் பக்கம் நடந்தால் இப்படிப்பட்ட மதில்களுக்குக் குறைவில்லை. சாம்பல் நிறம், கறுப்பு எழுத்து. சிங்களத்தில் ‘கோட்டா கோ’ என்பது தெளிவாகத் தெரிகிறது. அதற்குப் பிறகு ஒரு டியூஷன் சுவரொட்டி ஒட்டப்பட்டிருக்கிறது. மீதி எழுத்து அதன் அடியில்.

பெரும்பாலானோர் யோசிக்காமல் ‘கோட்டா கோ ஹோம்’ என்று முடித்துவிடுவார்கள். ‘கோட்டாவே, வீட்டுக்குப் போ’ என்ற அந்தக் கோஷம் 2022இல் நாடெங்கும் ஒலித்தது உண்மைதான். ஆனால் அதே காலத்தில் ‘கோட்டா கோ கம’ என்பதும் எழுதப்பட்டது. சிங்களத்தில் ‘கம’ என்றால் கிராமம். 2022 ஏப்ரல் 9 முதல் காலிமுகத்திடலில் போராட்டக்காரர்கள் கூடாரம் போட்டுத் தங்கிய இடத்துக்கு அவர்களே வைத்த பெயர் அது. ஒன்று கோஷம், மற்றது இடப்பெயர். சுவரொட்டிக்கு அடியில் எது இருக்கிறது என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் அது நம்முடைய ஊகம்தான்.

கல்வெட்டுக்காரர்களும் பாப்பிரஸ் படிப்பவர்களும் இந்தச் சிக்கலுக்கு 1931இலேயே ஒரு வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டார்கள். லைடன் முறை என்று பெயர். அழிந்துபோன இடத்தைச் சதுர அடைப்புக்குள் காட்டுவார்கள். படிப்பவர் நிரப்பியதும் அதே அடைப்புக்குள்தான் வரும். ஐயத்துக்குரிய எழுத்தின் கீழே ஒரு புள்ளி வைப்பார்கள். நம் மதிலை அப்படி எழுதினால் இவ்வளவுதான்:

எழுத்து: கோட்டா கோ [– – –]
பொருள்: ‘கோட்டா, போ’ என்ற தொடக்கம் மட்டும். முடிவு மறைந்துள்ளது.
குறிப்பு: ‘ஹோம்’, ‘கம’ இரண்டுமே 2022இல் வழங்கின.

மூன்று வரியும் தனித்தனியாக இருக்கவேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். மூன்றையும் ஒரே வாக்கியத்தில் கலந்துவிட்டால், எது சுவரில் இருந்தது, எது எழுதியவர் சேர்த்தது என்று பிறகு யாராலும் பிரிக்க முடியாது. சுவரொட்டி ஒருநாள் உரிந்து ‘கம’ வெளியே வந்தாலும், மேல்வரியில் உள்ள அடைப்பை எடுத்துவிட்டு அந்தச் சொல்லை எழுதி, கீழ் வரிகளைத் திருத்தினால் போதும். அப்போதும் ‘கிராமத்துக்குப் போ’ என்று பொருள் எழுதக் கூடாது. அது கட்டளை அல்ல, ஒரு கிராமத்தின் பெயர்.

எழுத்தைப் பிடிப்பதிலேயே தவறு நேரலாம். சிங்களத்தில் உகரக் குறி பல எழுத்துகளுக்குக் கீழே தொங்கும். ஸ்ப்ரே பெயின்ட் வழிந்தாலும் கீழேதான் தொங்கும். வழிந்ததா, எழுதியதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. வழிசல் நேர்கோடாக இறங்கும், மை தடித்திருக்கும் இடத்திலிருந்து தொடங்கும், பக்கத்து எழுத்துகளிலும் இருக்கும். குறி வளையும். படத்தைப் பெரிதாக்கியும் புலப்படவில்லை என்றால் அந்த எழுத்தின் கீழே புள்ளி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போகவேண்டும்.

இல்லாததைப் படிப்பது அரைகுறையாகக் கற்றவர்களின் பழக்கம் என்று நினைக்க வேண்டாம். சிகிரியாவின் கண்ணாடிச் சுவரில் எட்டாம் நூற்றாண்டு முதல் பத்தாம் நூற்றாண்டுவரை வந்துபோனவர்கள் கீறிய பாடல்களில் 685ஐப் படித்து, 1956இல் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டவர் செனரத் பரணவிதான. இலங்கையில் சுவர் எழுத்தைப் படிக்கும் கலைக்கு அதைவிடப் பெரிய பணி இல்லை. அதே பரணவிதான பின்னாளில், பழைய கல்வெட்டுகளின் வரிகளுக்கு இடையில் மிகச் சிறிய எழுத்தில் இன்னொரு வரலாறு எழுதப்பட்டிருப்பதாகச் சொல்லி, அதை வைத்து நூல்களே எழுதினார். அந்த எழுத்துகளை மற்ற அறிஞர்களால் கல்லில் காண முடியவில்லை. அவ்வளவு தேர்ந்த கண்ணுக்கும் இது நேர்ந்தது என்பதை நினைத்தால் எனக்கு அச்சமாகவே இருக்கிறது.

கொச்சைச் சொற்களுக்கு வருவோம். மதிலில் ‘எளகிரி’ என்று இருக்கிறது. அகராதியைப் பிரித்தால் பசும்பால். பக்கத்தில் ஒரு மாடு வரைந்திருந்தால் கேட்கவே வேண்டாம், பசுவதைத் தடைக்கான கோஷம் என்று ஒரு பத்தியே எழுதிவிடுவார்கள். கொழும்பு இளைஞர் வாயில் அது ‘அட்டகாசம்’, ‘சூப்பர்’ என்று பாராட்டும் சொல், அவ்வளவுதான். ‘மச்சங்’ என்பது நம்முடைய மச்சானிலிருந்து சிங்களத்துக்குப் போன சொல். அங்கே அது நண்பனை அழைப்பது. நம்மவர்கள்தான் அதில் உறவுமுறையையும் தமிழ்ப் பாசத்தையும் தேடுகிறார்கள். வெள்ளவத்தையில் தமிழ்ப் பையன்களும் அப்படித்தானே கூப்பிட்டுக்கொள்கிறார்கள்? ‘டேய்’ அளவுக்கு எடை குறைந்த சொல்லுக்கு அந்த அளவுக்கே தமிழும் வேண்டும்.

படங்கள் இன்னும் வழுக்கும். ஒரு காகம் வரையப்பட்டிருக்கிறது. தமிழ் வாசகருக்குச் சனி பகவான் நினைவுக்கு வருவார், முன்னோருக்கு வைக்கும் சோறு நினைவுக்கு வரும். 2022ஐ அறிந்தவருக்கோ பஸில் ராஜபக்ஷ. ‘கபுடு காக் காக் காக்’ என்று அவரைக் கேலி செய்து கூட்டம் கூட்டமாகக் கத்தினார்கள். ‘கபுடு’ என்பது காகம். பக்கத்தில் அந்த ‘காக் காக்’ எழுதியிருந்தால், அல்லது அவர் பெயர் இருந்தால், பஸில் என்று குறிப்பில் எழுதலாம். ஒன்றும் இல்லையென்றால் காகம் காகமாகவே இருக்கட்டும். கொழும்பில் காகம் வரைய அரசியல் காரணம் தேவையில்லை.

2019 நவம்பர் 16 ஜனாதிபதித் தேர்தலுக்குப் பிறகு நாடெங்கும் இளைஞர்கள் சுவர்களில் ஓவியம் தீட்டினார்கள். அரசர்களும் இராணுவ வீரர்களும் பறவைகளும் இயற்கைக் காட்சிகளும் வந்தன. அந்த வகையில் பத்துத் தலையோடு ஒரு உருவத்தைப் பார்த்தால் நமக்குக் கம்பன் வழியே வந்த இலங்கேஸ்வரன்தான் தெரிவான். இன்றைய சிங்களச் சூழலில் இராவணன் உள்ளூர்ப் பேரரசனாகக் கொண்டாடப்படுகிறான். 2019இல் விண்ணுக்குப் போன நாட்டின் முதல் செயற்கைக்கோளுக்கும் இராவணா-1 என்றே பெயர். ஆகவே வில்லன் என்றும் எழுத வேண்டாம், நாயகன் என்றும் எழுத வேண்டாம். ‘பத்துத் தலை உருவம், கீழே இராவணன் என்ற பெயர்’ என்று முதலில் எழுதுங்கள். சுவரில் வேறு சான்று இருந்தால் மட்டும் மேலே போகலாம்.

சந்தேகம் வந்தால் படம் அனுப்பியவரிடம் அகலமான இன்னொரு படம் கேட்கவேண்டும். இடமும் வலமும் ஆறடியாவது தெரியவேண்டும். எந்த மை எதன் மேல் ஏறியிருக்கிறது என்பது அதில் தெரிந்தால் எது முன், எது பின் என்று சொல்லலாம். கைத்தொலைபேசி பதிந்து வைத்த தேதி படம் எடுத்த நாளைத்தான் காட்டும், எழுதிய நாளை அல்ல. வெயிலில் வெளுத்த எழுத்து பழையது என்று முடிவுகட்டுவதும் ஆபத்து. மலிவான பெயின்ட் சீக்கிரமே வெளுத்துவிடும்.

கடைசியாக எண்கள். கொட்டாஞ்சேனையில் ஒரு மதிலில் பெரிதாக ஓர் எண் மட்டும் இருக்கும். வெளிநாட்டிலிருந்து பார்ப்பவர்கள் அதைக் குழுச் சண்டையின் அடையாளம், இரகசியக் குறி என்றெல்லாம் எழுதுகிறார்கள். 1989 பொதுத் தேர்தல் முதல் இலங்கையில் விருப்பு வாக்கு இருக்கிறது. கட்சிக்கு வாக்களித்தபின் மூன்று வேட்பாளர்கள் வரை அவர்களின் எண்ணில் புள்ளடி இடலாம். அதனால் வேட்பாளரின் ஆட்கள் அந்த விருப்பு இலக்கத்தைச் சுவரெல்லாம் எழுதுகிறார்கள். பெயர் அழிந்து எண் மட்டும் மிஞ்சுவதும் உண்டு. ஆனாலும் எல்லா எண்ணும் அதுவல்ல. நில அளவையாளரும் மின்சாரக்காரரும் கூடச் சுவரில் எண் போடுகிறார்கள். பக்கத்தில் கட்சிச் சின்னமோ பெயரின் மிச்சமோ தெரியாவிட்டால், ‘சிவப்பு மையில் 14 என்ற எண், சுற்றிலும் வேறு எழுத்து இல்லை’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு, பொருள் வரியை வெறுமையாக விடலாம்.

அடுத்த வாரம்: ஒரே சுவரில் மூன்று மொழி இருந்தால் எதிலிருந்து தொடங்குவது?