கவுன்டரில் கழியும் 15 வினாடி

சோப்பு தயாரிக்கும் நிறுவனம் ஒரு கட்டி சரியில்லை என்றால் அதைத் தொழிற்சாலையிலேயே ஒதுக்கிவிடலாம். வாங்குபவர் அதைப் பார்க்கவே போவதில்லை. விமானப் பயணம், வங்கிச் சேவை, மருத்துவமனைக் கவனிப்பு போன்றவற்றில் இந்த வசதி கிடையாது. ஊழியரும் வாடிக்கையாளரும் எதிரெதிரே நிற்கும்போதுதான் சேவை உருவாகிறது. அந்த இடத்திலேயே தீர்ந்தும்போகிறது. தவறு நடந்தால் வாடிக்கையாளரின் கண்ணெதிரேதான் நடக்கும்.

இந்தச் சந்திப்புக்கு ‘உண்மைத் தருணம்’ என்று பெயர். ஸ்பெயின் நாட்டுக் காளைச் சண்டையில், வீரன் வாளோடு காளைக்கு நேர் எதிரே நிற்கும் கடைசிக் கணத்தைக் குறிக்கும் சொல் இது. அரங்கைச் சுற்றி எத்தனை பேர் இருந்தாலும் அந்தக் கணத்தில் அவனுக்கு யாரும் உதவ முடியாது. இந்தச் சொல்லைச் சேவைத் தொழிலுக்குக் கொண்டுவந்தவர் ரிச்சர்ட் நார்மன் என்ற ஸ்வீடன் நாட்டு நிர்வாக ஆலோசகர். அதை உலகறியச் செய்தவர் யான் கார்ல்சன். டென்மார்க், நார்வே, ஸ்வீடன் மூன்றும் கூட்டாக நடத்திய எஸ்.ஏ.எஸ். விமான நிறுவனம் நஷ்டத்தில் இருந்தபோது, 1981-ல் அதன் தலைமைப் பொறுப்புக்கு வந்தவர் அவர்.

கார்ல்சன் போட்ட கணக்கு எளிமையானது. எஸ்.ஏ.எஸ்.ஸில் ஓர் ஆண்டில் ஒரு கோடிப் பேர் பறக்கிறார்கள். ஒவ்வொருவரும் சுமார் ஐந்து ஊழியர்களைச் சந்திக்கிறார்கள். ஒரு சந்திப்பு சராசரியாக 15 வினாடி. ஆக, ஆண்டுக்கு ஐந்து கோடி முறை, ஒவ்வொரு முறையும் 15 வினாடி நேரத்துக்கு, அந்த நிறுவனம் பயணியின் மனத்தில் உருவாகிறது. விமானங்களும் பழுதுபார்க்கும் கூடங்களும் அலுவலகங்களும் நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்தில் சொத்து. பயணிக்கு நிறுவனம் என்பது அந்தச் சில வினாடிகளில் அவர் முன்னால் நின்ற மனிதர்தான்.

அவர் சொன்ன ஒரு சம்பவத்தை இன்றும் நிர்வாகவியல் வகுப்புகளில் சொல்கிறார்கள். ஸ்டாக்ஹோமின் கிராண்ட் ஹோட்டலில் தங்கியிருந்த அமெரிக்கத் தொழிலதிபர் ஒருவர், ஒருநாள் வேலையாகக் கோபன்ஹேகன் போக அர்லாண்டா விமான நிலையத்துக்கு வருகிறார். டிக்கெட்டை அறையிலேயே விட்டுவிட்டது அங்கே வந்த பிறகுதான் தெரிகிறது. காகித டிக்கெட் காலம் அது. கையில் டிக்கெட் இல்லாமல் விமானம் ஏற முடியாது. கவுன்டரில் இருந்த பெண் ஊழியர் கவலைப்பட வேண்டாம் என்று சொல்லித் தற்காலிக டிக்கெட்டோடு போர்டிங் அட்டையைக் கொடுக்கிறார். அறை எண்ணையும் கோபன்ஹேகனில் எங்கே போகிறார் என்பதையும் மட்டும் கேட்டுக்கொள்கிறார். பயணி காத்திருப்புக் கூடத்துக்குப் போனதும் ஹோட்டலுக்குத் தொலைபேசி போகிறது. அங்கிருந்த பணியாளர் அறையைத் திறந்து பார்க்க, டிக்கெட் அங்கேயே இருக்கிறது. நிறுவனத்தின் கார் ஒன்று ஹோட்டலுக்குப் போய் அதை வாங்கி வருகிறது. விமானம் புறப்படும் முன் டிக்கெட் பயணியின் கையில்.

கதையில் கவனிக்க வேண்டியது அந்தப் பெண்ணின் இன்முகம் அல்ல. இன்முகத்தைப் பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுத்துவிடலாம். அவர் யாரையும் கேட்கவில்லை என்பதுதான் விஷயம். தற்காலிக டிக்கெட் தருவது, வெளியே ஒரு ஹோட்டலை அழைப்பது, காரை அனுப்புவது ஆகிய மூன்றுமே செலவும் பொறுப்பும் உள்ள முடிவுகள். மேலாளரின் கையெழுத்துக்காகக் காத்திருந்தால் விமானம் போயிருக்கும். 15 வினாடியில் நடக்கும் விஷயத்தில் மேலதிகாரிக்கு இடமே இல்லை. முடிவெடுக்கும் உரிமை கவுன்டரில் இருந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. கார்ல்சன் தன் புத்தகத்துக்கு ஸ்வீடிஷ் மொழியில் வைத்த தலைப்பு ‘பிரமிடுகளை இடித்துத் தள்ளுங்கள்’ என்ற பொருளில் அமைந்தது அதனால்தான். ஆங்கிலப் பதிப்புதான் ‘உண்மைத் தருணங்கள்’ என்று சாந்தமாக வந்தது.

இடித்ததில் ஒரு சிக்கலும் வந்தது. முன்வரிசை ஊழியர்களுக்கு நேரடியாக உரிமை கொடுத்தபோது, நடுவே இருந்த மேலாளர்களை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. மேலே இருந்து ஒரு கட்டளை வரும். கீழே இருப்பவர் தானே ஒரு முடிவு எடுத்திருப்பார். இரண்டுக்கும் நடுவில் மேலாளர் விழிப்பார். பலர் முரண்டுபிடித்தார்கள். அவர்களுக்கு வேறு என்ன வேலை என்று சொல்லாமல் விட்டது தன் தவறு என்று கார்ல்சனே பின்னால் ஒப்புக்கொண்டார். ஊழியருக்கு அதிகாரம் கொடுத்துவிட்டதாக அறிவிக்கும் பல நிறுவனங்கள் தடுக்கி விழுவதும் இதே இடத்தில்தான்.

கவுன்டரில் நடப்பதைச் சரிசெய்வது பாதி வேலை. வாடிக்கையாளர் உண்மையில் என்ன அனுபவித்தார் என்று அறிவது மறுபாதி. எஸ்.ஏ.எஸ்.ஸின் சரக்குப் பிரிவு இதற்கு நல்ல உதாரணம். அந்தப் பிரிவு தன் தரத்தைத் தவறாமல் அளந்துவந்தது. எவ்வளவு சரக்கு ஏற்றினோம், பொட்டலத்தைவிட்டு அதன் ஆவணங்கள் எங்காவது பிரிந்துபோயினவா என்பவைதான் அளவுகோல்கள். அறிக்கைகள் எல்லாம் நன்றாகவே இருந்தன. பிறகு ஒரு சோதனை செய்தார்கள். ஐரோப்பாவின் பல முகவரிகளுக்கு 100 பொட்டலங்களை அனுப்பிப் பார்த்தார்கள். வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்திருந்த வாக்குப்படி, சிறு பொட்டலங்கள் மறுநாள் போய்ச் சேர வேண்டும். சராசரியாக நான்கு நாள் ஆயிற்று.

அதுவரை யாரும் பொய்க் கணக்கு எழுதவில்லை. அறிக்கையில் இருந்த ஒவ்வொரு எண்ணும் சரிதான். ஆனால் பொட்டலமும் காகிதமும் சேர்ந்தே நான்கு நாள் கிடங்கில் கிடந்தால், அந்த அளவுகோலின்படி அது குறையே அல்ல. வாடிக்கையாளருக்கு வாக்குக் கொடுத்தது ஒன்றில், அளந்தது இன்னொன்றில். பின்னர் சரக்குப் பிரிவு ஊழியர்களே உட்கார்ந்து புதிய அளவுகோல்களை வகுத்தார்கள். தொலைபேசியை எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறோம்? சொன்ன நேரத்தைக் காப்பாற்றினோமா? பதிவுசெய்த விமானத்திலேயே சரக்கு வந்ததா? விமானம் இறங்கி எவ்வளவு நேரத்தில் சரக்கை எடுத்துக்கொள்ள முடிகிறது? இந்த நான்கும் வாடிக்கையாளர் தன் கடிகாரத்தைப் பார்த்துக் கேட்கக்கூடிய கேள்விகள்.

எதிர்பார்ப்புக்கும் கிடைத்ததற்கும் இடையே உள்ள இந்தத் தூரத்தை முறையாக ஆராய்ந்தவர்கள் அமெரிக்காவில் பணியாற்றிய மூன்று பேராசிரியர்கள்: சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த ஏ. பரசுராமன், வலரி ஸைதமல், லெனர்ட் பெரி. 1985-ல் வந்த அவர்களுடைய கட்டுரையின் சாரம், சேவையின் தரம் என்பது வாடிக்கையாளர் எதிர்பார்த்ததற்கும் பெற்றதாக உணர்ந்ததற்கும் உள்ள இடைவெளி என்பது. வாடிக்கையாளர் என்ன எதிர்பார்க்கிறார் என்பதை நிர்வாகம் தவறாகப் புரிந்துகொள்வதை அவர்கள் முதல் இடைவெளியாக வைத்தார்கள். அங்கே கோளாறு என்றால் அடுத்து எதைச் சரிசெய்தும் பலன் குறைவு.

அந்த இடைவெளியை மூடத்தான் ‘வாடிக்கையாளரின் குரல்’ என்ற ஏற்பாடு: கருத்துக் கேட்பு, புகார்ப் பதிவு, நேர்காணல் எல்லாம் அதில் அடங்கும். பிரிட்டிஷ் ஏர்வேஸ் 1980-களின் தொடக்கத்தில் பயணிகளிடம் இப்படிக் கேட்டபோது நான்கு விஷயங்கள் முக்கியம் என்று தெரிந்தது. அக்கறை, பிரச்சினையைத் தீர்க்கும் திறமை ஆகிய இரண்டும் எதிர்பார்த்தவைதான். விதிப்புத்தகத்துக்கு வெளியே தானாக முன்வந்து உதவுவது, தவறு நடந்துவிட்டால் அதைச் சரிக்கட்டுவது ஆகிய மற்ற இரண்டையும் நிர்வாகம் யோசித்தே பார்க்கவில்லை. நிறுவனமே கேள்விகளைத் தயாரித்து ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் கேட்டிருந்தால், அந்த இரண்டும் படிவத்தில் இடம்பெற்றே இருக்காது. கேட்காத கேள்விக்குப் பதில் வராது.

இன்று கருத்துக் கேட்பு என்றாலே பெரும்பாலும் ஒற்றைக் கேள்விதான்: எங்களை நண்பருக்குப் பரிந்துரைப்பீர்களா, 0 முதல் 10 வரை சொல்லுங்கள். 2003-ல் ஃப்ரெட் ரைக்கல்ட் முன்வைத்த முறை இது. 9, 10 போட்டவர்கள் ஆதரவாளர்கள். 7, 8 போட்டவர்கள் நடுநிலை. 6-ம் அதற்குக் கீழும் போட்டவர்கள் அதிருப்தியாளர்கள். ஆதரவாளர் சதவீதத்திலிருந்து அதிருப்தியாளர் சதவீதத்தைக் கழித்தால் மதிப்பெண்.

ஒரு கிளையில் 100 பேர் பதில் சொன்னதாக வைத்துக்கொண்டால், ஆதரவாளர் 50, நடுநிலை 30, அதிருப்தியாளர் 20 என்றால் மதிப்பெண் 30. இன்னொரு கிளையில் ஆதரவாளர் 40, நடுநிலை 50, அதிருப்தியாளர் 10. அங்கேயும் மதிப்பெண் 30. முதல் கிளையில் ஐந்தில் ஒருவர் கோபத்தோடு வெளியேறுகிறார். இரண்டாவதில் பாதிப் பேர் வந்ததும் போனதும் தெரியாமல் போகிறார்கள். முதல் கிளைக்கு வேண்டியது தவறுகளைத் தேடிப் பிடிப்பது, இரண்டாவதற்கு வேண்டியது வேறு. தலைமை அலுவலகத்தின் மேசையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்.

மதிப்பெண்ணோடு ஊழியரின் ஊக்கத்தொகையைக் கட்டிவிட்டால் நிலைமை இன்னும் மோசம். வண்டி சர்வீஸ் முடிந்து சாவியைக் கொடுக்கும்போதே, “போன் வரும் சார், பத்து போட்டுடுங்க, எட்டு போட்டாக்கூட எங்களுக்குக் கழிச்சிடுவாங்க” என்று ஊழியர் கேட்பது பலருக்கும் பழகிய காட்சி. கோபமாக இருக்கும் வாடிக்கையாளரின் எண்ணுக்குக் கருத்துக் கேட்கும் செய்தியே போகாமல் பார்த்துக்கொள்வதும் நடக்கும். இதைக் கண்டுபிடிக்க வழி உண்டு. மதிப்பெண் ஏறிக்கொண்டே இருக்கும்போது, திரும்ப வரும் வாடிக்கையாளர் எண்ணிக்கை ஏறவில்லை என்றாலோ, பதில்களில் 10-ம் 0-வும் தவிர வேறு எண்ணே இல்லை என்றாலோ, அளவுகோலை யாரோ வளைத்திருக்கிறார்கள்.

படிவத்தின் அடியில் இருக்கும் ‘வேறு ஏதேனும் சொல்ல விரும்பினால்’ என்ற கட்டம்தான் உண்மையில் அதிகம் பேசும். மதிப்பெண்ணில் 4 என்பது வெறும் 4. “மூன்று முறை போன் செய்தேன், ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டியிருந்தது” என்று ஒருவர் எழுதினால், எந்த இடத்தில் கோளாறு என்பது தெரிந்துவிடுகிறது. அதைச் சரிசெய்யக்கூடியவரிடம் அந்த வரி இரண்டொரு நாளில் போய்ச் சேர வேண்டும். அவர் வாடிக்கையாளரைத் திரும்ப அழைத்துப் பேச வேண்டும். மூன்று மாதம் கழித்து வரும் வண்ண வரைபடத்தில் அது ஒரு புள்ளியாகக் கரைந்துவிடும்.

இவ்வளவையும் சரியாகச் செய்தாலும் ஒரு நிறுவனம் எல்லாவற்றிலிருந்தும் தப்பிவிடும் என்பதில்லை. கார்ல்சன் வந்த சிறிது காலத்திலேயே எஸ்.ஏ.எஸ். இலாபத்துக்குத் திரும்பியது, 1983-ல் ‘ஏர் டிரான்ஸ்போர்ட் வேர்ல்ட்’ இதழ் அதை ஆண்டின் சிறந்த விமான நிறுவனமாகத் தேர்ந்தெடுத்தது. 1993-ல் அவர் பதவியை விட்டு விலகினார், வேறு மூன்று ஐரோப்பிய நிறுவனங்களோடு இணையும் திட்டமும் அதே ஆண்டில் முறிந்தது. பிற்காலத்தில் மலிவுக் கட்டண விமானங்களின் போட்டி, கடன், கொரோனா என்று எல்லாம் சேர்ந்து அழுத்த, 2022 ஜூலையில் எஸ்.ஏ.எஸ். அமெரிக்க நீதிமன்றத்தில் திவால் பாதுகாப்புக் கோரியது. அதிலிருந்து அது மீண்டு வந்தது 2024 ஆகஸ்டில்.